ஹேர்னியாப் பொதி ஒன்று, ரூபா 18,640

மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வாசலால் நுழைந்து வலக்கைப் பக்கம் மூன்றாவது கண்ணாடித் துவாரத்துக்குப் பின்னால் கண்ணகை இருந்தாள். துவாரத்துக்கு மேலே 'காப்புறுதிப் பிரிவு' என்று எழுதியிருந்தது. பிரிவு என்றால் பலபேர் இருப்பார்கள் என்று நினைக்கக்கூடாது. ஒரு மேசை, ஒரு பேக்ஸ் மெஷின், ஒரு கண்ணகை. பேரரசுகள் இதைவிடக் குறைந்த ஆளணியோடு நடந்ததாகச் சரித்திரத்தில் இல்லை.

அவளுடைய வாழ்க்கை வரலாற்றை முறைப்படி சொல்வதானால் தேற்றாத்தீவில் தொடங்கவேண்டும். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் வாவி, நடுவில் ஒரு றோட்டு. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தாள். சந்திரசேகரம் என்ற, வாவியில் இறால் பிடிக்கிற, நாளுக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதனைக் கட்டினாள். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்தாறாம் திகதி காலையில் கடல் வந்து வீட்டை எடுத்துக்கொண்டு போனது. இருவரும் வாவிப்பக்கம் ஓடித் தப்பினார்கள். அன்று பின்னேரம் பள்ளிக்கூட முகாமில் யாரோ அவள் கையில் ஒரு கொப்பியையும் பேனையையும் கொடுத்தார்கள், எழுத்துத் தெரிந்த பிள்ளை என்று. அவள் எழுதிய முதல் பட்டியலில் பொருட்கள் இருக்கவில்லை. பெயர்கள்தான் இருந்தன. அதைப்பற்றி அவள் கதைப்பதில்லை. நாமும் இங்கே அதற்குமேல் போகவேண்டாம்.

பொருட்களின் பட்டியல் அதற்கு மறுகாதான் வந்தது. உலகத்தின் இரக்கம் முழுவதும் பொதிகளாகக் கட்டப்பட்டு மட்டக்களப்புக்கு வந்திறங்கிய காலம் அது. உலர் உணவுப் பொதி, சமையலறைப் பொதி, சுகாதாரப் பொதி, பள்ளிக்கூடப் பொதி. ஒரு பொதிக்கு ஒரு கையொப்பம். பொதிக்குள்ளே என்ன இருக்கவேண்டும் என்று ஒரு தாளில் இருக்கும். என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிறவர் யாருமில்லை. கண்ணகை பிரித்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு சமையலறைப் பொதியில் நாற்பத்திரண்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு இல்லை. கையொப்பம் வைக்கமாட்டேன் என்றாள். வெள்ளை வாகனத்தில் வந்த உத்தியோகத்தர், "அம்மா, இது இலவசம்" என்றார். "இலவசம்தான் சேர். இல்லாத விளக்கை எப்படி நான் வாங்கினதாக எழுதுறது?" என்றாள் அவள். மூன்றாம் நாள் விளக்கு வந்தது. இரண்டு வருடம் கழித்து இந்த ஆஸ்பத்திரியில் வேலை கேட்டு வந்தபோது, தகைமை என்ற இடத்தில் இதைத்தான் எழுதினாள். முகாமையாளர் அழகரத்தினம் அதை வாசிக்காமலே வேலை கொடுத்தார். வாசித்திருந்தால் கொடுத்திருப்பாரோ தெரியாது.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது, புரட்டாதி மாதம். யுத்தம் முடிந்து நாலு மாதம். சுனாமிக்கு வந்த தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கூடாரம் கழற்றுகின்றன. அப்படி ஒன்றில் ஏறாவூர் ஜிப்ரி சாரதி. அலுவலகத்தைக் காலிபண்ணும்போது தண்ணீர்ப் பம்பு ஒன்றைத் தனியே தூக்கி லொறியில் ஏற்றினான். ஆளுக்குப் பெலம் என்று நாலுபேர் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் புகழ்ச்சியின் விலையாக அடிவயிற்றில் குடல் இறங்கி, உள்ளே திரும்பிப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி, அன்றே ஹேர்னியா ஒப்பரேசன். நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கொழும்புக் கொம்பனி ஒன்றில் காப்புறுதி எடுத்திருந்தது. காசில்லாச் சிகிச்சை: நோயாளி அட்டையைக் காட்டினால் போதும், பில்லைக் கொம்பனி நேரே ஆஸ்பத்திரிக்குக் கட்டும். கண்ணகை செலவு மதிப்பீட்டை அனுப்பினாள். கொம்பனியிலிருந்து உத்தரவாதக் கடிதம் வந்தது. ஜிப்ரியின் வயிற்றுக்குள் ஒரு வலைத்துண்டு வைத்துத் தைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டொக்டர், வீட்டுக்குப் போகலாம் என்றார். ஞாயிறு பிறை கண்டால் திங்கள் பெருநாள். ஜிப்ரியின் மனைவி கைறுன்னிஸா நோன்போடு வந்து, சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டு, வராந்தாவில் இருந்தாள். கண்ணகை இறுதிப் பில்லை ஒன்பதரைக்குக் கொழும்புக்கு பேக்ஸ் பண்ணினாள்.

பதினொன்றேகாலுக்கு மறுமொழி வந்தது. பில் தொண்ணூற்றோராயிரத்துச் சொச்சம். அதில் ஒருவரியை வெட்டியிருந்தார்கள். "கன்சியூமபிள்ஸ், பொதி 1 — ரூபா 18,640 — செலுத்தத்தக்கதல்ல. பாலிசி விலக்குகளைப் பார்க்க. நோயாளியிடம் அறவிடவும்."

கன்சியூமபிள்ஸ் என்றால் ஒருமுறை பாவித்து எறிகிற சாமான்: கையுறை, பஞ்சு, ஊசி, குழாய். ஆனால் அந்த 'பொதி 1' என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணகைக்குக் காது சுட்டது. அது ஆஸ்பத்திரியின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒப்பரேசன் தியேட்டரில் ஒவ்வொரு ஒப்பரேசனுக்கும் வேண்டிய சாமானை எல்லாம் பச்சைத் துணியில் கட்டி வைப்பார்கள். முகாம்களில் வேலைசெய்து பழகிய நேர்ஸ்மார் அதற்குப் பொதி என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஹேர்னியாப் பொதி, அப்பென்டிக்ஸ் பொதி, சிசேரியன் பொதி. சீட்டில் 'ஹேர்னியாப் பொதி 1' என்று எழுதி அனுப்புவார்கள். கொம்பியூட்டர் அதற்கொரு மொத்த விலையைப் போடும். தாளை மிச்சம்பிடிக்க இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அழகரத்தினம். அதற்காக வருடாந்தக் கூட்டத்தில் அவருக்குக் கைதட்டலும் கிடைத்தது. அந்தச் சீட்டைப் பிரிக்காமல் பில்லில் ஏற்றியவள் கண்ணகை. நாற்பத்திரண்டு பொதியைப் பிரித்துப் பார்த்தவள், நாற்பத்துமூன்றாவதைப் பிரிக்கவில்லை.

செய்தி அவளுக்கு முன்னமே வராந்தாவுக்குப் போயிருந்தது. காசாளர் துவாரத்தில் இருந்த பையன் சொல்லிவிட்டான். கைறுன்னிஸா எழுந்து வந்து நின்றாள். இடக்கையிலிருந்து கழற்றிய ஒற்றைக் காப்பு வலக்கை விரல்களுக்குள் கிடந்து சுழன்றது.

"அக்கா, பதினெட்டாயிரமாமே. பின்னேரத்துக்குள்ள கட்டாட்டி விடமாட்டாங்களாம். பசாருக்குப் போனா அடகுகடை இரிக்கி. போயிட்டு வரட்டா?"

"இரிங்க புள்ள. அந்தக் காப்பக் கையில போடுங்க. நாலு மணிவரைக்கும் கொழும்பு திறந்திருக்கும்."

"நாலு மணிக்கு மறுகா?"

"மறுகா திங்கக்கிழமை. பெருநாள் விடுமுறையெண்டா செவ்வாய். அதுவரைக்கும் இஞ்ச இருந்தா அறைக்காசு வேற ஏறும்."

இதை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். கண்ணகைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது; உள்ளதைச் சொல்லத்தான் தெரியும். அதிசயம் என்னவென்றால், கைறுன்னிஸா அதைக் கேட்டபிறகுதான் கதிரையில் இருந்தாள்.

முகாமையாளர் அழகரத்தினம் கழுத்துப்பட்டி கட்டுகிற மனிதர். மட்டக்களப்பு வெய்யிலில் கழுத்துப்பட்டி கட்டுவதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். அந்தத் திடம் முழுவதும் கழுத்தோடு முடிந்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. கடிதத்தைப் பார்த்து, "இதில என்ன பிரச்சினை? கொம்பனி வெட்டினா ஆள் கட்டவேணும். எல்லா இடத்திலயும் நடக்கிறதுதானே" என்றார்.

"அப்பிடி எடுக்கலாமோ எண்டு ஒப்பந்தத்தப் பாக்கவேணும் சேர்."

"எந்த ஒப்பந்தம்?"

"நீங்க ஒப்பம் வச்சது."

போனவருடம் கொம்பனியும் ஆஸ்பத்திரியும் கட்டண ஒப்பந்தம் செய்துகொண்டபோது தேநீரும் கேக்கும் பரிமாறி ஒரு படமும் எடுத்தார்கள். படம் சுவரில் தொங்கியது. ஒப்பந்தம் இரும்பு அலுமாரியில், பூட்டில், கற்பூரம் காட்டாத குறையாக இருந்தது. திறப்பைத் தேடி எடுக்க இருபது நிமிடம் பிடித்தது. அதை முழுக்க வாசித்த ஆள் அந்தக் கட்டடத்தில் இருந்தது அப்போதுதான் வெளியே தெரியவந்தது: கண்ணகை நேரே இணைப்பு மூன்றைத் திருப்பினாள்.

ஒப்புக்கொண்ட கட்டண அட்டவணை அங்கே இருந்தது. தியேட்டர் கட்டணத்துக்குள் அடங்குபவை: கையுறை, பஞ்சு, காயத்துணி, மூடும் துணி, கிருமிகொல்லி, இவற்றைத் தனியே போடக்கூடாது. தனியே செலுத்தத்தக்கவை, எதிரே குறித்த விலையில், உருப்படி வாரியான பட்டியல் இணைத்தால்: தையல் நூல், வலை, முள்ளந்தண்டு ஊசி, கைநாளத்தில் குத்தி வைக்கும் கனூலா, சேலைன் குழாய், சிறுநீர்க் குழாயும் பையும். நோயாளி தன் கையால் கட்டவேண்டியவை: சவர்க்காரம், பற்பசை, செருப்பு போன்ற தனிப்பட்ட சாமான். பிறகு வாசகம் ஒன்பது: அட்டவணைப்படி கொம்பனி செலுத்தவேண்டிய எதையும் ஆஸ்பத்திரி நோயாளியிடம் அறவிடலாகாது.

"ஒன்பதாவது நல்லாத்தான் எழுதியிருக்கு" என்றார் அழகரத்தினம், யாரோ எழுதின கவிதையைப் பார்ப்பவர்போல. தன்னுடைய கையொப்பம் அதே பக்கத்தின் அடியில் கிடந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கண்ணகை கொழும்புக்குப் போன் அடித்தாள். கொம்பனியில் பில் பார்க்கும் ஜெயந்தன் நல்ல பையன். குரலைக் கேட்டே எத்தனை மணிக்கு அவனுக்குப் பசிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தம்பி, ஜிப்ரிட பில்லில வெட்டியிருக்கிறீங்க."

"ஓம் அக்கா. கன்சியூமபிள்ஸ் எண்டு ஒரே வரியா வந்தா நாங்கள் வெட்டத்தான் வேணும். பாலிசியில பாவிச்சு எறியிற சாமான் விலக்கு."

"எறியிற சாமானெண்டா, வலையயும் எறிஞ்சதாத்தான் கணக்கோ? அது அந்தாள்ர வயித்துக்குள்ள கிடக்கு. சாகுமட்டும் கிடக்கும்."

மறுமுனையில் சிரிப்பு. "வலை இருந்ததெண்டு பில்லில எங்கயக்கா கிடக்கு? பொதி எண்டெல்லோ கிடக்கு. நிவாரணம் குடுக்கிற மாதிரி."

கண்ணகை கோவையிலிருந்து மதிப்பீட்டின் பிரதியை எடுத்து முன்னால் வைத்தாள். பிறகு, "அது எங்கட பிழை" என்றாள். "மற்றது உங்கட பிழை. நாங்க உங்களுக்குப் பில் போடுறது பாலிசியப் பாத்தில்ல, ஒப்புக்கொண்ட அட்டவணையப் பாத்து. செவ்வாய்க்கிழம நாங்க அனுப்பின மதிப்பீட்டில 'தியேட்டர் சாமான், இணைப்பு மூண்டின்படி' எண்டு இருக்கு. நீங்க உத்தரவாதம் தந்திருக்கிறீங்க."

"சொல்லுறது சரியாத்தான் கிடக்கு. ஆனா வாயால சொன்னா பில்லுக்கு அனுமதி குடுக்கிற எங்கட டொக்டர் பாக்கமாட்டார். எழுத்தில தாங்கோ. உருப்படி உருப்படியா. மூண்டு மணிக்கு முந்தி வந்தா இண்டைக்கே மேசைக்குப் போகும்."

பன்னிரண்டே முக்கால். கண்ணகை மாடியேறித் தியேட்டருக்குப் போனாள். பொதியைப் பிரித்தாயிற்று, மூன்று நாளாயிற்று, துணி சலவைக்குப் போய்விட்டது. ஆனால் எதுவும் முற்றாக மறைவதில்லை. வலையின் பெட்டியிலிருந்த ஒட்டுத்தாள், இலக்கத்தோடு, ஜிப்ரியின் கோவையில் ஒட்டியிருந்தது. தையல் நூல் நாலு என்று ஒப்பரேசன் குறிப்பில் டொக்டர் எழுதியிருந்தார். முள்ளந்தண்டு ஊசி மயக்க மருந்துத் தாளில். கனூலாவும் சேலைனும் வார்ட்டுத் தாளில். தியேட்டர் நேர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கையிருப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இவ்வளவு நாளும் பொதியெண்டுதானே அனுப்பினோம். இண்டைக்கு மட்டும் என்னக்கா?"

"இண்டைக்குக் காசு வரல்ல."

உருப்படிகளை எழுதிக்கொண்டு வரும்போதுதான் பொதிக்குள்ளே கிடந்த மற்றச் சங்கதிகளும் தெரிந்தன. தியேட்டர் கட்டணத்துக்குள் ஏற்கெனவே அடங்கிய கையுறையும் பஞ்சும் மூடுதுணியும் மறுபடியும் இரண்டாயிரத்து முந்நூற்று இருபது ரூபாவுக்கு உட்கார்ந்திருந்தன. அட்டவணையில் எட்டாயிரத்து ஐந்நூறு என்று குறித்த வலைக்கு ஒன்பதாயிரத்து இருநூறு போட்டிருந்தது. சவர்க்காரம், பற்பசை, செருப்பு ஐந்நூற்று எண்பது. மீதிதான் நியாயமான பதினையாயிரத்து நாற்பது.

கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்தாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உங்கள் கடிதத்தில் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா முழுவதையும் கழித்துள்ளீர்கள். எங்கள் பில் அதை ஒரே வரியாகக் காட்டியது தவறு. திருத்திய உருப்படிப் பட்டியலை, ஒப்பரேசன் குறிப்பு, வலையின் ஒட்டுத்தாள் பிரதிகளுடன் இணைத்துள்ளோம். இவற்றுள் கையுறை முதலியன தியேட்டர் கட்டணத்தில் அடங்கும், அவற்றைக் கைவிடுகிறோம். வலையை அட்டவணை விலைக்குக் குறைத்துள்ளோம். தனிப்பட்ட சாமானை நோயாளி செலுத்துவார். மிகுதி ரூபா 15,040 இணைப்பு மூன்றில் பெயரும் விலையும் குறித்து நீங்கள் ஒப்புக்கொண்டவை. பாலிசியின் பொது விலக்கு இவற்றை நீக்காது. உங்கள் உத்தரவாதக் கடிதமும் இதே இணைப்பின்படியே தரப்பட்டது. வாசகம் ஒன்பதின்படி இத்தொகையை நோயாளியிடம் நாங்கள் அறவிட முடியாது, அறவிடவும் மாட்டோம். திருத்திய அனுமதியை இன்றே தருக."

அழகரத்தினம் இரண்டுதரம் வாசித்தார். "கைவிடுகிறோம்" என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றது.

"மூவாயிரத்து இருபது ரூபாவ நாங்களாகவே விட்டுக்குடுக்கிறமா? அவங்க கேக்கவே இல்லையே."

"அவங்க முழுசையும் கேட்டவங்க சேர்."

"அதுதான் சொல்லுறன். முழுசையும் திருப்பிக் கேப்பம். தாறதத் தரட்டும். பேரம் எண்டா மேல இருந்துதானே தொடங்கோணும்."

"அட்டவணை அவங்கட கையிலயும் இருக்கு. கையுறையக் கண்டாங்களெண்டா வலையயும் நம்பமாட்டாங்க. பிழையெல்லாத்தையும் நாமளே எடுத்துட்டா, மிச்சத்த வெட்ட அவங்களுக்கு ஒண்டும் இல்ல."

"டிரெக்டருக்கு நான் என்ன சொல்லுறது?"

"பொதி எண்டு கட்டினதால போச்செண்டு சொல்லுங்க."

இது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. பொதி யாருடைய கண்டுபிடிப்பு என்பது இருவருக்கும் தெரியும். அழகரத்தினம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். ஆஸ்பத்திரி வரலாற்றில் அது நடந்தது அன்று மட்டும்தான் என்று சாட்சிகள் உண்டு.

"பதினையாயிரமும் வராட்டி?"

"வராட்டி ஒன்பதாம் வாசகத்தில உங்கட ஒப்பம் இருக்கு. ஜிப்ரிட மனிசிட்டக் கேக்கேலாது. நாமதான் இழக்கவேணும். அதால அவங்க கட்டாயம் தாற மாதிரி எழுதவேணும். இதவிட எழுத எனக்குத் தெரியாது சேர்."

கடிதத்தில் தன் பெயருக்கு மேலே ஆஸ்பத்திரியின் பிழையும் அச்சாகியிருந்ததை அவர் மூன்றாம்முறை பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, நீளமான, சுழித்த, ஒரு அமைச்சருக்குக்கூட அமையாத அந்தக் கையொப்பத்தைப் போட்டார். கண்ணகை வெளியேறும்போது, "அந்த 'இன்றே தருக' கொஞ்சம் கடுமையாயில்லையா?" என்று கேட்டார். கதவு மூடிவிட்டது.

இரண்டே முக்காலுக்கு பேக்ஸ் மெஷின் நாலு பக்கத்தில் மூன்றை விழுங்கிவிட்டு நின்றது. கண்ணகை அதன் மூடியைத் திறந்து, தாளை இழுத்து, அதற்குப் புரியும் மொழியில் ஏதோ சொன்னாள். இரண்டாந்தரம் கொழும்பு லைன் கிடைக்கவில்லை. மூன்றாந்தரம், மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, நாலு பக்கமும் போனது. உடனே ஜெயந்தனுக்கு அடித்து, "எண்ணிப் பாருங்க தம்பி, நாலு" என்றாள். அவன் எண்ணினான்.

மேல்மாடி வார்ட்டில் ஜிப்ரி சேர்ட் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தான். சிரித்தால் தையல் நோகும். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, வயித்துக்குள்ள வலை வச்சிருக்கிங்களாம். மீன்பிடி இலாகாட அனுமதி எடுத்தீங்களா?"

"அத வச்சதுக்குத்தான் கொழும்புட அனுமதி பாத்துக்கொண்டிருக்கன்."

"தராட்டி கழட்டி எடுப்பீங்களோ?"

"சும்மா இருங்க" என்றாள் கைறுன்னிஸா. "அந்தப் பம்பத் தூக்காட்டி இதெல்லாம் இல்ல."

"தூக்கினதால என்ட பேர் ஏறாவூரெல்லாம் தெரிஞ்சிரிச்சி."

"ஓம். ஆஸ்பத்திரிப் பில்லிலயும் தெரிஞ்சிரிச்சி."

கண்ணகை திருத்திய பட்டியலை அவனிடம் நீட்டினாள். எது கொம்பனியின் பங்கு, எது ஆஸ்பத்திரியின் பங்கு, எது அவன் பங்கு என்று மூன்று நிரல். அவன் விரல் வைத்து வாசித்தான். "சவர்க்காரம், பற்பசை, செருப்பு. இது என்ட. நான் கட்டுறன். பாவிச்சதுதானே." கைறுன்னிஸா பையிலிருந்து அறுநூறு ரூபாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். காப்பு அவள் கையிலேயே இருந்தது.

மூன்றரை. மூன்று நாற்பது. கண்ணகை மேசையில் இருந்தாள். பேக்ஸ் மெஷினைப் பார்க்கவில்லை. பார்த்தால் வராது என்பதல்ல, பார்ப்பதால் வேலை நடக்காது என்பது அவள் கொள்கை. தன்னாமுனையிலிருந்து ஒப்பரேசனுக்கு வந்த ஆசிரியை ஒருவரின் செலவு மதிப்பீட்டைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். அழகரத்தினம் மட்டும் ஏதோ வேலையாக வந்ததுபோல மூன்றுதரம் அந்தப்பக்கம் நடந்தார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மெஷின் கத்தியது. ஒரு பக்கம். "திருத்திய பட்டியல் ஏற்கப்பட்டது. இணைப்பு மூன்றின்படி ரூபா 15,040 மேலதிகமாக அனுமதிக்கப்படுகிறது. நோயாளியிடம் அறவிடவேண்டியது: ரூபா 580." அடியில் கொம்பனி டொக்டரின் கையொப்பம்.

ஜெயந்தன் அடித்தான். "வந்திட்டுதா அக்கா?"

"வந்துட்டு. டொக்டர் என்ன சொன்னவர்?"

"முதல்ல நீங்கள் கைவிட்ட வரியத்தான் பாத்தவர். இவங்கள் ஏன் தாங்களாவே குறைச்சவங்கள் எண்டு கேட்டார். பிறகு மிச்சத்த அட்டவணையோட ஒவ்வொண்டாப் பாத்திட்டு ஒப்பம் வச்சார். வெட்ட ஒண்டும் கிடைக்கேல்ல."

"நல்லம். சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"போய்ச் சாப்பிடுங்க."

கைறுன்னிஸா அறுநூறு ரூபாவைக் கொடுத்து இருபது ரூபா மிச்சம் வாங்கினாள். கண்ணகை வெளியேறும் சீட்டை எழுதிக் கையொப்பம் வைத்தாள். ஜிப்ரி வயிற்றில் ஒரு கையும் மனைவியின் தோளில் ஒரு கையுமாக, பம்பு தூக்கிய மனிதன் என்ற பெயருக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில், படியிறங்கி ஓட்டோவுக்குப் போனான். ஏறுவதற்கே ஐந்து நிமிடம் பிடித்தது. வாவிப்பக்கக் காற்றில் கைறுன்னிஸாவின் முக்காடு விலக, அதைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, பெருநாளைக்கு வாங்க. அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"அவர் வந்தாலும் கதைக்கமாட்டார் புள்ள."

"சாப்பிடுவார்தானே?"

"அது நல்லாச் சாப்பிடுவார். வாறன்."

ஓட்டோ புறப்பட்டது. நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஏறாவூருக்கு அது தாராளம்.